'வுட் யூ மைண்ட்' என்று கேட்டால் 'நோ'தான் சம்மதம்! கஸ்டமர் கேர் இங்கிலீஷ் சறுக்கும் இடம் எது?

"ப்ளீஸ் கிவ் மீ யுவர் ஆர்டர் நம்பர்."

இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. 'ப்ளீஸ்' இருக்கிறது. குரலும் பணிவாகத்தான் இருந்தது. ஆனாலும் அழைப்பு முடிந்ததும் இங்கிலாந்தில் இருக்கும் வாடிக்கையாளர், ஃபீட்பேக்கில் 'ரூட்' என்று எழுதிவிட்டுப் போகிறார். சென்னையிலோ கோவையிலோ நைட் ஷிஃப்ட்டில் அமர்ந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஒன்றும் புரிவதில்லை. "நான் மரியாதையாத்தானே பேசினேன்?"

ஆமாம், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் தமிழில் மரியாதை உட்கார்ந்திருக்கும் இடம் வேறு, இங்கிலீஷில் அது உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. டீம் லீடர்கள் "சாஃப்ட்டா பேசுங்க, வுட் யூ மைண்ட் போடுங்க" என்று சொல்வது இதனால்தான். அந்த 'வுட் யூ மைண்ட்' எப்படி வேலை செய்கிறது, எங்கே போட வேண்டும், எங்கே போட்டால் நமக்கே ஆப்பு என்று பார்ப்போம்.

'ப்ளீஸ்' போட்டும் ஏன் கட்டளை போலக் கேட்கிறது?

தமிழில் 'கொடு' என்றால் கட்டளை. 'கொடுங்க' என்றால் மரியாதை. வினைச்சொல்லின் வாலில் ஒரு 'ங்க' சேர்த்தால் போதும், வேலை முடிந்தது. "ஆர்டர் நம்பர் கொடுங்க சார்" என்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இங்கிலீஷில் அந்த 'ங்க' கிடையாது. 'கிவ்' என்பது நண்பனுக்கும் அதேதான், நீதிபதிக்கும் அதேதான். அதனால் நாம் மனதில் 'கொடுங்க' என்று நினைத்து 'கிவ்' என்று சொல்லும்போது, எதிரில் இருப்பவர் காதில் 'கொடு' என்றுதான் விழுகிறது. முன்னால் ஒரு 'ப்ளீஸ்' சேர்த்தால் அது 'தயவுசெய்து கொடு' ஆகிறது. கட்டளையின் கூர்மை கொஞ்சம் மழுங்கும், ஆனால் அது கட்டளையாகவே இருக்கும். 'கைண்ட்லி' போட்டால் நிலைமை இன்னும் மோசம். நம் ஊர் அலுவலகங்களில் பணிவாகத் தெரியும் அந்தச் சொல், இன்றைய பிரிட்டிஷ் காதுக்கு நோட்டீஸ் போர்டு வாசகம் மாதிரி விறைப்பாகக் கேட்கும்.

இங்கிலீஷில் மரியாதை வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது. கட்டளையைக் கேள்வியாக மாற்று, 'முடியாது' என்று சொல்ல எதிராளிக்கு ஒரு கதவைத் திறந்து வை. அதுதான் அங்கே மரியாதை.

கோயம்புத்தூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பணிவான பேச்சைப் பற்றி மொழியியலில் அதிகம் பேசப்படும் புத்தகங்களில் ஒன்று, பெனிலோப் பிரவுனும் ஸ்டீஃபன் லெவின்சனும் எழுதியது. முதலில் 1978இல் ஒரு தொகுப்பில் நீண்ட கட்டுரையாக வந்து, 1987இல் தனிப் புத்தகமானது. அவர்கள் மூன்று மொழிகளை ஒப்பிட்டார்கள். ஒன்று இங்கிலீஷ். இரண்டாவது மெக்சிகோவின் மாயன் மொழிகளில் ஒன்றான செல்டால். மூன்றாவது தமிழ், அதுவும் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமப் பேச்சு!

அவர்கள் வாதத்தின் மையச் சொல் 'முகம்'. நமக்கு இது புதிதில்லை. 'மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுறான்', 'முகம் கொடுத்துப் பேசல' என்று நாமே சொல்கிறோம். யாரும் தன்னை விரட்டக் கூடாது, தன் வழியில் குறுக்கே வரக் கூடாது என்று எல்லோருக்கும் ஓர் ஆசை உண்டு. ஒருவரிடம் எதையாவது செய்யச் சொல்லும்போது அந்த ஆசையை நாம் லேசாக இடிக்கிறோம். எவ்வளவு இடிக்கிறோம் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. அவர் நமக்கு எவ்வளவு அந்நியம், யார் கை ஓங்கியிருக்கிறது, கேட்கும் காரியம் எவ்வளவு பெரிய தொந்தரவு.

கஸ்டமர் கேரில் முதல் இரண்டும் பெரும்பாலும் மாறாது. அவர் அந்நியர், காசு கொடுத்தவர். மாறுவது மூன்றாவதுதான். ஆர்டர் நம்பர் கேட்பது சின்னத் தொந்தரவு. பெட்டியைப் பிரித்து, போட்டோ எடுத்து, மெயில் அனுப்பச் சொல்வது பெரிய தொந்தரவு. சின்னதுக்கும் பெரியதுக்கும் ஒரே வாக்கியத்தைப் போட்டால் எங்கோ ஓரிடத்தில் தவறாகத்தான் கேட்கும்.

சரி, 'வுட் யூ மைண்ட்' என்றால் என்ன?

இங்கே 'மைண்ட்' என்பது மனம் என்ற பெயர்ச்சொல் இல்லை. ஆட்சேபிப்பது, தொந்தரவாக நினைப்பது என்ற வினைச்சொல். ஆக 'வுட் யூ மைண்ட்' என்றால் 'உங்களுக்குச் சிரமமா இருக்குமா?' என்று பொருள்.

நம்மிடமும் இதே பிரயோகம் இருக்கிறது. "ஒண்ணு கேக்கட்டுமா, தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?" என்று கேட்டால் பதில் என்ன வரும்? "சேச்சே, இல்ல இல்ல, கேளுங்க." அந்த 'இல்ல'தான் அனுமதி. இங்கிலீஷிலும் அப்படியே. 'வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?' என்ற கேள்விக்கு 'நோ' என்று பதில் வந்தால், 'எனக்குச் சிரமம் இல்லை, காத்திருக்கிறேன்' என்று அர்த்தம்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். வாடிக்கையாளர் 'நோ' என்றதும், மறுத்துவிட்டார் என்று நினைத்து "ஓகே மேம், சாரி மேம்" என்று பின்வாங்குகிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்ட பலர் இந்தக் கேள்விக்கு 'ஷ்யூர்', 'யெஸ், கோ அஹெட்' என்றும் பதில் சொல்வார்கள். கணக்குப்படி பார்த்தால் இது 'ஆமா, சிரமம்தான்' என்று ஆக வேண்டும். ஆனால் அவர்கள் கேள்வியின் நோக்கத்துக்குப் பதில் சொல்கிறார்கள், அதனால் அதுவும் சம்மதம்தான்.

அப்படியென்றால் மறுப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சொல்லை விட்டுவிட்டு, அடுத்து வருவதைக் கேளுங்கள். 'நாட் அட் ஆல்', 'தட்ஸ் ஃபைன்', 'கோ அஹெட்' என்று வந்தால் சம்மதம். கொஞ்சம் மௌனம், அப்புறம் 'வெல்...' என்றோ 'ஆக்சுவலி...' என்றோ இழுத்தால் அது மறுப்பு. பிரிட்டிஷ்காரர்கள் 'யெஸ், ஐ டூ மைண்ட்' என்று நேரடியாகச் சொல்வது அபூர்வம். சொன்னால், அவர் ஏற்கெனவே கொதித்துப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

இதே கேள்வி வாடிக்கையாளரிடமிருந்து நமக்கு வரும்போது ஆபத்து அதிகம். 'வுட் யூ மைண்ட் சென்டிங் மீ அன் இமெயில்?' என்று அவர் கேட்க, நாம் பழக்கதோஷத்தில் 'யெஸ் சார்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், 'ஆமா, எனக்குச் சிரமம்தான்' என்று சொன்னது போலவும் ஆகலாம். யெஸ், நோ இரண்டையுமே விட்டுவிட்டு, 'ஆஃப் கோர்ஸ், ஐ வில் சென்ட் இட் நவ்' என்று செய்யப்போகும் காரியத்தைச் சொல்லிவிடுங்கள். குழப்பமே வராது.

ஒரு சின்ன மாற்றம், வேலை யார் தலையில்?

'வுட் யூ மைண்ட்'டுக்குப் பின்னால் இரண்டு விதமாக வாக்கியம் போகலாம்.

முதலாவது, 'இங்' சேர்ந்த வினை. 'வுட் யூ மைண்ட் ஹோல்டிங்', 'வுட் யூ மைண்ட் ஸ்பெல்லிங் தட்'. இதில் வேலை செய்பவர் வாடிக்கையாளர். 'வுட் யூ மைண்ட் டு ஹோல்ட்' என்பது பிழை. நம் ஊரில் அடிக்கடி கேட்கும் பிழையும்கூட.

இரண்டாவது, 'இஃப் ஐ'. 'வுட் யூ மைண்ட் இஃப் ஐ கால்டு யூ பேக்?' இதில் வேலை செய்பவர் நாம், அவரிடம் கேட்பது அனுமதி மட்டும். 'வுட்' வந்தால் பின்னால் வரும் வினை இறந்தகால வடிவில் வருவது வழக்கம், அதனால் 'கால்' இல்லை, 'கால்டு'. 'டூ யூ மைண்ட்' என்று ஆரம்பித்தால் 'இஃப் ஐ கால் யூ பேக்' போதும்.

இது இலக்கண வகுப்பு விஷயம் என்று தாண்டிப் போகாதீர்கள். 'வுட் யூ மைண்ட் காலிங் பேக்?' என்றால் 'நீங்களே திரும்ப போன் பண்றீங்களா?' என்று அர்த்தம். நாம் சொல்ல நினைத்தது 'நான் திரும்பக் கூப்பிடட்டுமா?' என்பது. அரை மணி நேரம் கியூவில் காத்திருந்து லைன் கிடைத்தவரிடம் முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் வரும் ரேட்டிங்குக்கு நம் உச்சரிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

'எதிர்காலத்தில் செய்யப்போகும் வேலைக்கு எதுக்கு பாஸ் இறந்தகாலம்?' என்று கேட்கலாம். 'குட்', 'வுட்' போன்ற வடிவங்கள் இங்கே காலத்தைக் காட்டவில்லை, தூரத்தைக் காட்டுகின்றன. கேட்பதை ஓரடி தள்ளி நின்று கேட்கிறோம். நாமும் இதைச் செய்கிறோம். கடன் கேட்க வந்தவர் "ஒரு உதவி கேக்கலாம்னு நெனச்சேன்" என்றுதான் ஆரம்பிப்பார். இப்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் 'நெனைக்கிறேன்' என்று சொல்வதில்லை. இங்கிலீஷின் 'ஐ வாஸ் வண்டரிங் இஃப்...' கிட்டத்தட்ட இதே வாக்கியம்தான்.

ஓர் அழைப்பை எடுத்துப் பார்ப்போம்

ஒரு கற்பனை அழைப்பு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு பெண்மணி ஆன்லைனில் காபி டேபிள் வாங்கியிருக்கிறார். வந்து சேர்ந்தபோது ஒரு கால் உடைந்திருக்கிறது. சென்னையில் இருக்கும் ஏஜென்ட்டுக்கு ஐந்து வேலை இருக்கிறது. ஆர்டர் நம்பர் வாங்க வேண்டும், அடையாளம் சரிபார்க்க வேண்டும், போட்டோ கேட்க வேண்டும், ஸ்டாக் பார்க்க ஹோல்டில் போட வேண்டும், கடைசியில் 'அதே மாடல் இப்போது இல்லை' என்று சொல்ல வேண்டும்.

நாம் பழகிய வழியில் இது எப்படிப் போகும்? 'ப்ளீஸ் கிவ் ஆர்டர் நம்பர்.' 'ப்ளீஸ் டெல் யுவர் போஸ்ட்கோட்.' 'கைண்ட்லி சென்ட் தி போட்டோ.' 'ப்ளீஸ் ஹோல்ட்.' 'இட் இஸ் நாட் அவைலபிள், மேம்.' ஐந்து வாக்கியம், நான்கு கட்டளை, ஒரு மறுப்பு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பெரிய குற்றமில்லை. வரிசையாக வந்தால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும்.

இப்போது ஒவ்வொன்றாக மாற்றுவோம்.

ஆர்டர் நம்பர் சின்னக் காரியம். இதற்கு 'குட் யூ' போதும். 'குட் யூ கிவ் மீ தி ஆர்டர் நம்பர், ப்ளீஸ்?' கேள்வியாக மாறிவிட்டது, 'ப்ளீஸ்' கடைசிக்குப் போய்விட்டது. இங்கே 'வுட் யூ மைண்ட்' போட்டால் ஓவர்.

போஸ்ட்கோட் விஷயம் வேறு. அது சிறியதுதான், ஆனால் கட்டாயம். சரிபார்க்காமல் கணக்கைத் திறக்க முடியாது. கட்டாயமான ஒன்றுக்கு 'வுட் யூ மைண்ட்' என்று கேட்டால், இல்லாத ஒரு கதவைத் திறந்து காட்டுகிறோம். 'ஆக்சுவலி, ஐ வுட் ராதர் நாட்' என்று அவர் சொல்லிவிட்டால், 'இல்ல மேம், கண்டிப்பா சொல்லணும்' என்று நாம் மாற்றிப் பேச வேண்டிவரும். அப்போது முன்பு காட்டிய பணிவு பொய்யாகிவிடும். அதனால் காரணத்தை முதலில் வையுங்கள். 'பிஃபோர் ஐ ஓபன் தி ஆர்டர், ஐ நீட் டு செக் யுவர் போஸ்ட்கோட். குட் யூ டெல் மீ வாட் இட் இஸ்?' இதில் கட்டாயம் விதியின் மேல் விழுகிறது, அவர் மேல் விழவில்லை.

போட்டோதான் உண்மையான தொந்தரவு. தப்பு கம்பெனியுடையது, வேலை அவருக்கு. 'வுட் யூ மைண்ட்' வர வேண்டிய இடம் இதுதான். 'வுட் யூ மைண்ட் டேக்கிங் எ போட்டோ ஆஃப் தி புரோக்கன் லெக்?' என்று கேட்டுவிட்டு, அதனால் அவருக்கு என்ன லாபம் என்று ஒரு வரி சேர்க்கலாம். போட்டோ வந்தால் டேபிளைத் திருப்பி அனுப்பாமலேயே மாற்று ஏற்பாடு செய்ய முடியும் என்பது போல. ஒன்று மட்டும் முக்கியம், அந்த லாபம் உண்மையாக இருக்க வேண்டும்.

அடுத்து ஹோல்ட். 'வுட் யூ மைண்ட் ஹோல்டிங் ஃபார் டூ மினிட்ஸ் வைல் ஐ செக் தி ஸ்டாக்?' எவ்வளவு நேரம், எதற்காக என்ற இரண்டும் இதில் இருக்கின்றன. இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பதில் வரும்வரை ஹோல்ட் பட்டனைத் தொடாதீர்கள். ஸ்கிரிப்ட்டை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, அவர் வாய் திறப்பதற்குள் ஹோல்ட் மியூசிக் ஓடினால், கேட்ட கேள்வி கேள்வியே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டு நிமிடத்தில் முடியவில்லை என்றால், நடுவில் வந்து இன்னொரு முறை கேட்க வேண்டும்.

கடைசியாக, கெட்ட செய்தி. இது வேண்டுகோள் இல்லை, மறுப்பு. இதற்கு இங்கிலீஷில் வேறு மெத்தை இருக்கிறது. 'ஐ'ம் அஃப்ரைட்...' சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பயமாக இருக்கிறது', ஆனால் பயன்பாட்டில் 'சொல்லவே சங்கடமா இருக்கு, ஆனா...' என்று பொருள். 'ஐ'ம் அஃப்ரைட் தட் மாடல் இஸ் அவுட் ஆஃப் ஸ்டாக். வாட் ஐ கேன் டூ இஸ்...' என்று உடனே முடிந்ததைச் சொல்ல வேண்டும். 'அஃப்ரைட்' என்று சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்தினால், அது நன்றாக இஸ்திரி போட்ட 'இல்லை', அவ்வளவுதான்.

ஐந்து வேலைக்கு ஒரே பணிவு வாக்கியம் போதவில்லை. 'வுட் யூ மைண்ட்' இரண்டு இடத்தில் மட்டுமே வந்திருக்கிறது.

எங்கே போடவே கூடாது?

அவருக்கு நன்மை தரும் விஷயத்துக்கு இது தேவையில்லை. ஷோரூமுக்கு வந்தவரிடம் 'ஹேவ் எ சீட்' என்று சொல்லலாம். அது இலக்கணப்படி கட்டளைதான், ஆனால் சுகப்படுவது அவர். 'வுட் யூ மைண்ட் சிட்டிங் டவுன்?' என்றால், உட்காராமல் நின்றுகொண்டு தொல்லை தருகிறார் என்று நாம் நினைப்பது போல ஆகிவிடும்.

கோபத்தில் இருப்பவரிடம் இன்னும் ஜாக்கிரதை. 'வுட் யூ மைண்ட் லெட்டிங் மீ ஃபினிஷ்?' என்பது காகிதத்தில் பணிவு, காதில் குத்தல். 'கொஞ்சம் என்னையும் பேச விடுறீங்களா?' என்று தமிழில் கேட்டால் எப்படி இருக்கும்? அதேதான். 'டூ யூ மைண்ட்?' என்று தனியாகச் சொன்னால், 'கொஞ்சம் மரியாதையா நடந்துக்கிறீங்களா?' என்கிற கண்டிப்பாகவே மாறிவிடும். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, 'கேன் ஐ ஜஸ்ட் செக் ஐ ஹாவ் காட் திஸ் ரைட்?' என்று அவர் சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொல்வது பாதுகாப்பு.

சுற்றி வளைக்க வளைக்கப் பணிவு கூடிக்கொண்டே போகும் என்பதும் சரியில்லை. ஷோஷனா ப்ளும்-குல்கா என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஹீப்ரு, இங்கிலீஷ் பேசுபவர்களிடம் பல வகை வேண்டுகோள்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார். பூடகமாகக் குறிப்பு காட்டுவதைவிட, 'குட் யூ' போன்ற வழக்கமான மறைமுகக் கேள்விகளையே அவர்கள் அதிகப் பணிவாக எடுத்துக்கொண்டார்கள். 'என்னதான் வேணும் உனக்கு?' என்று யூகிக்க வைப்பதும் ஒரு தொந்தரவுதானே!

எப்படிச் சரிபார்ப்பது?

உங்கள் அழைப்புப் பதிவு கிடைத்தால், ஒவ்வொரு 'வுட் யூ மைண்ட்'டிலும் நிறுத்தி இரண்டு விஷயம் பாருங்கள். பதிலுக்குக் காத்திருந்தீர்களா? 'ஆக்சுவலி' வந்தபோது அதைக் கவனித்தீர்களா?

எங்கே போடலாம் என்று சந்தேகம் வந்தால் தமிழே கைகொடுக்கும். சொல்லப்போகும் வாக்கியத்துடன் 'உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?' என்று சேர்த்துப் பாருங்கள். "போட்டோ எடுத்து அனுப்பணும், உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?" பொருந்துகிறது, 'வுட் யூ மைண்ட்' போடலாம். "உங்க பேரைச் சொல்லணும், உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?" சிரிப்பு வருகிறது, 'குட் யூ' போதும். "அடையாளம் சரிபார்க்கணும், சிரமம் இல்லையே?" அவர் 'சிரமம்தான்' என்று சொன்னாலும் விட முடியாது என்றால், கேட்காதீர்கள். காரணத்தைச் சொல்லிவிட்டு விவரத்தை வாங்குங்கள்.